மாமாவின் கடையில் வேலை: விடுப்பை எழுதிக் கேட்கலாமா?

வாசகர் கடிதம்

ஈரோட்டில் என் தாய்மாமா நடத்தும் ஜவுளி மொத்த விற்பனைக் கடையில் 2022 ஜூன் முதல் வேலை செய்கிறேன். என்னோடு சேர்த்து ஏழு பேர். பில் போடுவது, லாரி புக்கிங், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் 24,000, பாதி வங்கியில், பாதி கையில். வேலை உத்தரவு எதுவும் கிடையாது. வரும் நவம்பர் 25-ஐ ஒட்டி என் மனைவிக்குப் பிரசவம். கரூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். மாமியாருக்கு இரவில் கண் விழிக்க உடம்பு இடம் தராது. பதினைந்து நாள் கூட இருக்க வேண்டும். மாமாவிடம் இரண்டு முறை வாயால் கேட்டேன். "அப்ப பார்த்துக்கலாம்டா" என்கிறார். அம்மாவோ, "அண்ணன்கிட்டப் போய் லீவ் லெட்டர் நீட்டுனா நல்லாவா இருக்கும்?" என்று தடுக்கிறார். ஆடிட்டர் ஆபீசில் ஒருவர், சொந்தக்காரர்களுக்கு லேபர் சட்டம் கிடையாது என்றார். அதே ஆபீசில் இரண்டு வருடம் முன்பு சில தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னவென்று கேட்கவில்லை. மாமா மகன் நினைத்தபோதெல்லாம் ஊருக்குப் போகிறான். என் நான்கு வருட லீவைக் கூட்டினால் நூறு நாளுக்கு மேல் வரும். மனைவி பிரசவத்துக்கு 15 நாள் லீவ் சட்டப்படி உண்டு என்றும் கேள்விப்பட்டேன். சொல்லாமலே போய்விடலாமா? எழுதிக் கொடுப்பதென்றால் மாமா என்று எழுதுவதா, ஐயா என்று எழுதுவதா?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

ஆடிட்டர் அலுவலகத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டதிலிருந்து தொடங்குகிறேன். அது உண்மையானால் மற்றக் கேள்விகளுக்கு வேலையே இல்லை. உங்கள் கடைக்குப் பொருந்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. பணியாளர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் இந்தச் சட்டம் உறவினர்களில் சிலரை வெளியே நிறுத்துவது உண்மைதான். உரிமையாளரின் கணவன், மனைவி, மகன், மகள், தந்தை, தாய், சகோதரர், சகோதரி ஆகியோர் அவருடனேயே வசித்து, அவரைச் சார்ந்து வாழ்பவர்களாக இருந்தால், அவர்கள் இந்தச் சட்டத்தின் கண்ணில் பணியாளர்கள் அல்லர். சகோதரியின் மகன் இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் தனிக் குடும்பமாக வாழ்ந்து, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ஆகவே தாய்மாமா என்ற உறவு ஒன்றே உங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடாது.

இதே வரையறை உங்கள் மற்றொரு மனக்குறைக்கும் பதில் சொல்கிறது. மாமாவின் மகன் தந்தையோடு ஒரே வீட்டில், அவர் செலவில் வாழ்பவரானால், அவருக்கு விடுப்பு என்ற கணக்கே கிடையாது. அவர் வருவதும் போவதும் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இடையிலான விஷயம். அவருடன் உங்களை ஒப்பிட்டுப் பேசினால் உங்கள் வாதம் வலுவிழக்கும், வீட்டில் பகையும் வளரும். உங்களை ஒப்பிட வேண்டியது கடையில் வேலை செய்யும் மற்றவர்களுடன்தான்.

இன்னொரு விலக்கையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தின் விடுப்புப் பிரிவுகள் பொருந்தாது. மாமா இல்லாத நேரத்தில் கடையே நம் கையில்தான் என்று உறவினர் நடத்தும் கடைகளில் பலரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. தகராறு என்று வந்தால் அந்தப் பெருமையே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடும். ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, விலையைத் தீர்மானிப்பது போன்ற அதிகாரம் இல்லாமல், பில்லும் கணக்கும் பார்ப்பவரை நிர்வாகி என்று சொல்வது கடினம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அவற்றில் ஆண்டு விடுப்பைப் பேசும் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களுக்கானது. ஏழு பேர் உள்ள உங்கள் கடையில் விடுப்புக்கு மாநிலச் சட்டத்தையே பார்க்க வேண்டும்.

அந்தத் தாள்கள் என்னவென்று முதலில் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது, போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் கையெழுத்துதான். குடும்பத் தொழிலில், வரிக் கணக்குக்காகவோ வங்கிக் கடனுக்காகவோ நெருங்கிய உறவினர் ஒருவரைக் காகிதத்தில் பங்குதாரராகச் சேர்ப்பது வழக்கத்தில் இருக்கிறது. சேர்க்கப்பட்டவருக்கு அது தெரியாமலே இருப்பதும் உண்டு. நீங்கள் பங்குதாரர் என்றால் பணியாளர் என்ற நிலையில் விடுப்புக் கேட்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: 1932-ஆம் ஆண்டு இந்தியப் பங்குதாரர் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தம் சொந்தச் சொத்திலிருந்தும் பொறுப்பாவார்.

இதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கடையின் ஜிஎஸ்டி எண்ணைத் தேடினாலே, அது தனி உரிமை நிறுவனமா, பங்குதாரர் நிறுவனமா என்று காட்டிவிடும். கணக்குப் பார்ப்பவர் என்பதால் பதிவு விவரங்களை நீங்கள் ஏற்கெனவே திறந்து பார்க்கும் நிலையிலும் இருப்பீர்கள். பங்குதாரர்கள் என்ற பகுதியில் யார் பெயர்கள் உள்ளன என்று பாருங்கள். தனி உரிமை நிறுவனம் என்று இருந்தால் பங்குதாரர் என்ற கவலை இல்லை. நீங்கள் போட்ட கையெழுத்து கடனுக்கான ஜாமீனாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கலாம், அதை ஆடிட்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் பெயர் பங்குதாரராக இருந்தால், விடுப்புக் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பங்குதாரர் ஒப்பந்தத்தின் நகலோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இனி நான் எழுதுவது நீங்கள் சம்பளக்காரர் என்ற அடிப்படையில்.

நூறு நாள் இல்லை. ஆனால் தேவையான நாட்கள் இருக்கின்றன

கடைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மூன்று வகை விடுப்பைத் தருகிறது. தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதம் வேலை செய்து முடித்தவருக்கு, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை உண்டு. இதை எடுக்காவிட்டால் சேரும். ஆனால் 24 நாளுக்கு மேல் சேராது. இரண்டாவது, நோய்க்காகவோ விபத்துக்காகவோ ஆண்டுக்கு 12 நாள் வரை. மூன்றாவது, நியாயமான காரணம் எதற்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு. பின்னிரண்டும் அந்தந்த ஆண்டோடு முடிந்துவிடும். நீங்கள் நான்கு வருடத்தின் மூன்று வகைகளையும் ஒன்றாகக் கூட்டியதால்தான் நூறைத் தாண்டியிருக்கிறது. சேர்ந்திருக்கக்கூடிய ஆண்டு விடுமுறை அதிகபட்சம் 24 நாள்தான்.

அந்த 24-ஐயும் கடிதத்தில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கடையில் விடுப்புப் பதிவேடு முறையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த நான்கு வருடத்தில் உங்கள் திருமணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மாமா சம்பளம் பிடிக்காமல் விட்டுக்கொடுத்த நாட்கள் இருந்திருக்கும். நீங்கள் கணக்கை எடுத்தால் அவரும் எடுப்பார். அவர் எடுக்கும் கணக்கைத் தவறு என்று காட்ட உங்களிடமும் தாள் இல்லை.

பிரசவத்தின்போது கணவனுக்குச் சட்டப்படி 15 நாள் என்று நீங்கள் கேள்விப்பட்டது, மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ள விதி. தனியார் கடையில் வேலை செய்யும் ஆணுக்கு அப்படி ஒரு தனி விடுப்பை எந்தச் சட்டமும் தரவில்லை. மகப்பேறு நலச் சலுகை பெண் பணியாளருக்கு மட்டுமே. எனவே கடிதத்தில் பிரசவத்தைக் காரணமாகக் காட்டுங்கள். பிரசவ விடுப்பு என்று உரிமையாகக் கேட்காதீர்கள். ஆண்டு விடுமுறையில் 12 நாள், தற்செயல் விடுப்பில் 3 நாள், ஆக 15. இவை இரண்டும் உங்களுக்கு உரியவைதான். தற்செயல் விடுப்பில் இந்த ஆண்டு எத்தனை நாள் எடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது.

விடுமுறை நாளுக்கான சம்பளம் எவ்வளவு என்பதையும் சட்டமே சொல்கிறது. முந்தைய மூன்று மாதத்தில் நீங்கள் உண்மையாக வேலை செய்த நாட்களின் சராசரி தினக்கூலி அது. கூடுதல் நேர வருமானம் சேராது. மூன்று மாதச் சம்பளம் 72,000 ரூபாய், வேலை செய்த நாட்கள் 75 என்றால், ஒரு நாளுக்கு 960 ரூபாய். கையில் வாங்கும் பாதிச் சம்பளமும் இதில் அடங்க வேண்டும். ஆனால் வங்கியில் வருவது மட்டுமே சம்பளம் என்று மறுபக்கம் சொன்னால், மீதியை நிரூபிக்கும் சுமை நடைமுறையில் உங்கள் மேல் விழும். கையில் பணம் வாங்கும் தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் இப்போதிருந்தே எழுதி வாருங்கள்.

எந்த நாட்களைக் கேட்பது

சட்டம் விடுப்பைத் தருகிறது. ஆனால் எந்தத் தேதியில் என்பதைப் பணியாளரே தீர்மானிக்கலாம் என்று அது சொல்லவில்லை. உங்கள் மாமாவின் "அப்ப பார்த்துக்கலாம்" என்பதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தத் தேதிக் கவலைதான். தீபாவளிக்குப் பின் மொத்தக் கடைக்கு வசூல் காலம். சில்லறைக் கடைக்காரர்கள் பாக்கியைத் தீர்ப்பதும், திரும்பி வரும் சரக்குக்குக் கழிவு கேட்பதும் அப்போதுதான். அந்த நேரத்தில் பில் புத்தகம் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் பணம் நிற்கும்.

ஆனால் உங்கள் வேலையிலேயே ஒரு வசதி இருக்கிறது. மாதாமாதம் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு 11-ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் கணக்கு 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். ஆக 21-ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 10 வரை கணக்கு வேலையின் நெருக்கடி குறைவு. பிரசவத் தேதி அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. நவம்பர் 23 திங்கள் முதல் டிசம்பர் 9 புதன் வரை, ஞாயிறு நீங்கலாகக் கணக்கிட்டால் சரியாகப் பதினைந்து வேலை நாட்கள். டிசம்பர் 10 காலையில் கடையில் இருந்தால் 11-ஆம் தேதிக் கணக்கு தவறாது. இந்தத் தேதிகளை நீங்களே முன்வைத்தால், மறுக்க அவருக்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இதற்கு மேல் அவருக்கு வேண்டியது, நீங்கள் இல்லாதபோது யார் எதைச் செய்வார்கள் என்ற பதில். இ-வே பில் போடும் உள்நுழைவும் அதற்கான ஓடிபி வரும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்க வாய்ப்பிருக்கிறது. நீங்கள் பிரசவ அறை வாசலில் நிற்கும்போது லாரி ஆபீசில் சரக்கு நின்றுவிடும்; அந்த ஒரு தொலைபேசி அழைப்பு போதும், விடுப்பு முழுவதும் சண்டையாகிவிடும். எண்ணை மாமாவின் கைபேசிக்கு மாற்றுங்கள். தீபாவளிக் கூட்டம் தணிந்ததும் ஒரு வாரம் உங்களுடன் வேலை செய்பவர் ஒருவருக்கு இ-வே பில் போடக் கற்றுக்கொடுங்கள். வசூல் பாக்கிப் பட்டியலை ஊர்வாரியாக எழுதி வையுங்கள்.

கடிதம்

மாமா என்றா, ஐயா என்றா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், உங்கள் அம்மாவின் தயக்கம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. கடிதம் கடையின் கோப்பில் இருக்கப் போவது. நாளை ஆடிட்டரோ தொழிலாளர் உதவி ஆய்வாளரோ பார்க்கக்கூடியது. ஆகவே அதில் உரிமையாளரும் பணியாளரும் மட்டுமே இருக்க வேண்டும். உறவைக் கடிதத்துக்கு வெளியே, அதைக் கொடுக்கும் முறையில் காட்டுங்கள். கீழே ஒரு மாதிரி தருகிறேன்.

> பெறுநர்: உரிமையாளர் அவர்கள் (கடையின் பெயர், முகவரி)
>
> பொருள்: ஊதியத்துடன் கூடிய விடுப்பு கோருதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> 2022 ஜூன் முதல் தங்கள் கடையில் பில் மற்றும் கணக்குப் பணியில் இருந்து வருகிறேன். என் மனைவிக்கு நவம்பர் 25 வாக்கில் பிரசவம் ஆகும் என்று மருத்துவர் கூறியுள்ளார். கரூரில் அவருக்கு உடனிருந்து உதவ வேறு ஆள் இல்லாததால், நவம்பர் 23 முதல் டிசம்பர் 9 வரை 15 வேலை நாட்களுக்கு (ஆண்டு விடுமுறை 12 நாள், தற்செயல் விடுப்பு 3 நாள்) ஊதியத்துடன் விடுப்பு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> அக்டோபர் மாத ஜிஎஸ்டி கணக்குகளை முடித்துவிட்டுச் செல்வேன். நவம்பர் மாதக் கணக்கைப் பார்க்க டிசம்பர் 10 அன்று பணிக்குத் திரும்புவேன். இடைப்பட்ட நாட்களில் பில், இ-வே பில் பணிகளைப் பார்ப்பவரின் பெயரும் வசூல் பாக்கிப் பட்டியலும் இத்துடன் உள்ளன. பிரசவம் முன்னதாக நேர்ந்தால் அன்றே தகவல் தெரிவித்து, விடுப்புத் தேதிகளை அதற்கேற்ப மாற்றித் தரக் கேட்டுக்கொள்வேன்.
>
> இப்படிக்கு, (கையொப்பம், தேதி)

இதில் நன்றிக்கடன் பற்றியோ, மாமா செய்த உதவிகள் பற்றியோ, சட்டப் பிரிவு எண்களோ இல்லாததைக் கவனியுங்கள். பிரிவு எண்ணை முதல் கடிதத்திலேயே எழுதுவது, வழக்குக்கு நாள் குறிப்பது போல் படும். விடுப்பின் வகைகளைச் சொல்லியிருப்பதே போதும்; தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

கடிதத்தை வீட்டிலோ விசேஷத்திலோ கொடுக்காதீர்கள், அம்மா மூலமாகவும் அனுப்பாதீர்கள். அம்மா வழியாகப் போனால் கேட்டது தங்கையாகவும் மறுப்பது அண்ணனாகவும் ஆகிவிடும். விடுப்பு என்ற விஷயம் காணாமல் போகும். அக்டோபர் தொடக்கத்தில், தீபாவளி நெருக்கடி உச்சத்தைத் தொடுமுன், கடை திறந்ததும் அவர் தனியாக இருக்கும் நேரத்தில் கொடுங்கள். "மாமா, வாயால் சொன்னது உங்களுக்கு மறந்துபோகும், தேதியெல்லாம் இதில் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லலாம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்க வேண்டாம். நெருங்கிய உறவில் அதுதான் உண்மையில் புண்படுத்தும். அதற்குப் பதில், அன்று மாலையே கடிதத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அவருக்கு மட்டும் அனுப்பி, "காலையில் கொடுத்த விடுப்புக் கடிதம், மாமா" என்று ஒரு வரி எழுதுங்கள். குடும்பக் குழுவில் போடாதீர்கள். அவர் வாயால் சரி என்றால், "நவம்பர் 23 முதல் போகச் சொன்னதற்கு நன்றி மாமா" என்று இன்னொரு வரி. பிற்பாடு இந்தச் செய்திகளை உரிய சான்றிதழோடு சாட்சியமாகக் காட்டவும் சட்டத்தில் இடமுண்டு.

மறுத்தால்

முழுவதுமாக மறுப்பதைவிட, குறைத்துத் தருவதற்கே வாய்ப்பு அதிகம். பத்து நாள் என்று சொன்னால், குழந்தை பிறந்த பின்னான பத்து நாளாக அதை வாங்கிக்கொண்டு, மிச்ச ஐந்தை டிசம்பர் 20-க்குப் பிறகு கேளுங்கள். சம்பளம் கிடையாது என்றால், விடுப்பை ஏற்றுக்கொண்டு சம்பளத்தைப் பிறகு பேசலாம். ஆனால் சம்பளமில்லா விடுப்புக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சொல்லாமல் போவது, நீங்கள் கேட்டவற்றில் மிக மோசமான வழி. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டி, விசாரணையில் அது நிரூபிக்கப்பட்டால் அந்த முன்னறிவிப்பும் தேவையில்லை. அனுமதியின்றிப் போவது அந்தக் குற்றச்சாட்டை நீங்களே எழுதிக் கொடுப்பதாகும். கடிதம் கொடுத்து, மறுக்கப்பட்டு, மனைவியின் நிலை காரணமாகத் தகவல் சொல்லிவிட்டுப் போனவரின் நிலை அதைவிட எவ்வளவோ மேல்.

கேட்ட ஆண்டு விடுமுறை மறுக்கப்பட்டு, அதன் பின் நீங்கள் வேலையை விட்டுவிட்டால், எடுக்காத விடுமுறைக்கான சம்பளத்தை அவர் தர வேண்டும். பன்னிரண்டு நாளுக்கு, மேலே போட்ட கணக்கின்படி, 11,520 ரூபாய். தராவிட்டால், உங்கள் சார்பில் அதை வசூலிக்க நடவடிக்கை எடுக்க ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்டு மறுக்கப்பட்டது என்பதற்குத் தாளில் சான்று இருந்தால்தான் இந்த உரிமையை நிலைநாட்ட முடியும். வாயால் கேட்ட இரண்டு முறையும் இதற்கு உதவாது. ஆய்வாளரிடம் போவதை இப்போதே மனத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டாம். வேலையைத் தொடர விரும்புபவர் 11,520 ரூபாய்க்காக அந்த வழியில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக, மருத்துவர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே வலி வந்துவிடலாம். அது 20-ஆம் தேதிக் கணக்கு முடியாத நேரமாக இருந்தால், கிளம்பும்போதே மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். பேருந்தில் ஏறியதும் அதையே செய்தியாக அனுப்புங்கள். ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கணக்குக் கோப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரிவித்துவிடுங்கள். அதற்காகக் கொள்முதல் பில்களை நவம்பர் 15-க்குள் பதிவு செய்து வைத்திருப்பது நல்லது.